நின்ற படத்தில் இருந்தவர்

எங்கள் அண்ணியின் வாயிலிருந்து இதுவரை யாரும் மன்னிப்பு வாங்கியதில்லை. கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு. கல்யாணமான முதல் மாதமே என் அம்மா கேட்டுப் பார்த்தார். என் அண்ணன் பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நான் நாத்தனார், எனக்குக் கேட்காமலே கிடைக்க வேண்டிய உரிமை அது, எனக்கும் கிடைத்ததில்லை. தப்பு தன் பேரில்தான் என்று தெரிந்துவிட்டால் அண்ணி வாயையே திறக்க மாட்டார். எழுந்து போய் அந்த வேலையை முதலிலிருந்து மறுபடி செய்வார். அதையே மன்னிப்பு என்று நாமாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவருக்கு வீடியோ எடிட்டிங் வேலை. டயர் கடைக்கு மேலே, குறுகலான படிக்கட்டு ஏறிப் போனால் முதல் மாடியில் எங்கள் ஸ்டூடியோ. உள்ளறையில் அண்ணி, அவருடைய இரண்டு திரைகள், முதுகுக்கு ஒரு தலையணை. வெளியறையில் நான். கல்யாணம், பிறந்த நாள், கடை திறப்பு என்று வருகிற வீடியோக்களை எல்லாம் வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்றி, எது எங்கே எடுத்தது என்று பெயர் எழுதி உள்ளே அனுப்புவது என் வேலை. இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அண்ணிதான். அதற்கு முன் மூன்று வருஷம் அவரைப் பற்றி ஊரெல்லாம் குறை சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்ல வேண்டியது நாத்தனார் கடமை என்று நினைத்திருந்தேன், வேறொன்றும் இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஒரு போட்டோ கடையில் பாஸ்போர்ட் படம் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு தாளுக்கு எட்டுப் படம். இரண்டு காதும் தெரிய வேண்டும், தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கடைக்கு எடிட்டிங் செய்ய வந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, இவர் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தட்டித் தடவி, அழித்து, திரும்பச் செய்து கற்றுக்கொண்டதுதான் எல்லாம்.

கல்யாணத்துக்குப் பிறகு வேலை பார்த்த இன்னொரு கடையில் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்த கதையைச் சொன்னால்தான் ஆளைப் புரியும். ஒரு கல்யாண வீடியோவில் நடுநடுவே உறவினர் ஒருவர் போனில் எடுத்த துண்டுகள் இருந்தன. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால் படம் உயரமாக வரும். அதை நாங்கள் நின்ற படம் என்போம். கேமராவிலோ, போனைச் சாய்த்துப் பிடித்தோ எடுத்தால் அகலமாக வரும், அது படுத்த படம். டிவியும் மண்டபத் திரையும் படுத்த வாகில்தான் இருக்கின்றன. அதில் நின்ற படத்தை வைத்தால் நடுவில் ஒரு பட்டையாகப் படம் நிற்கும், இரண்டு பக்கமும் காலியாகக் கிடக்கும். அந்தக் கடைக்காரருக்கு அந்தக் காலி இடத்தைப் பார்த்தாலே ஆகாது. படத்தைப் பக்கவாட்டில் இழுத்து அகலப்படுத்து என்றார். அண்ணி ஒருமுறை இழுத்துக் காட்டினார். மணப்பெண் மூன்று ஆள் அகலத்துக்கு வந்து நின்றாள். பரவாயில்லை, அனுப்பு என்றார் கடைக்காரர். மனுஷங்களை இழுக்க அவங்க என்ன ரப்பரா என்று கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு அண்ணி கிளம்பிவிட்டார். அந்த மாதம் எங்கள் வீட்டில் அண்ணனின் சம்பளம் ஒன்றுதான். என் அம்மா பேசிய பேச்சுக்கு வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். இவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

இப்போதைய முதலாளி இழுக்கச் சொல்கிற ரகம் இல்லை. ஆனால் அவருக்கும் காலி இடம் ஆகாது. அவருக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் ஃபுல் ஸ்கிரீன். கருப்புப் பட்டை வந்தால் கடைப் பெயர் போச்சு என்று நாளைக்கு நாலு தடவை சொல்வார். அவர் வழி பெரிதாக்குவது. நின்ற படத்தின் அகலம் திரையின் அகலத்துக்கு வரும்வரை ஊதிக்கொண்டே போனால் பட்டை போய்விடும். என்ன, படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் திரையில் நிற்காது. மீதியெல்லாம் மேலேயும் கீழேயும் வெளியே போய்விடும். எது நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்பது எடிட்டர் கையில் இருக்கிறது.

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று கல்யாணம் வந்து சேர்ந்தது. அதில் ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். மாப்பிள்ளையின் அப்பா காசைப் பார்க்காமல் கேமராக்காரர்களை ஏற்பாடு செய்திருந்தார். அவர்கள் மாப்பிள்ளை வீட்டிலும் மண்டபத்திலும் எடுத்தார்கள். பெண் வீட்டில் அன்று காலை நடந்தது எதையும் எடுக்கவில்லை. அங்கே எடுத்ததெல்லாம் பெண்ணின் தோழிகள், போனை நிமிர்த்திப் பிடித்து. மொத்தம் இருபத்து மூன்று துண்டு. முதலில் அவர்கள் வாட்ஸப்பில் அனுப்பியது சுருங்கி மங்கலாய் வந்து சேர, நான்தான் ஒவ்வொருத்திக்கும் போன் போட்டுத் திட்டி, எடுத்தபடியே இருக்கும் ஃபைலை வாங்கினேன். ஒரு பெண், அத்தை உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டாள். அத்தையாம். எனக்கு முப்பத்திரண்டு வயது.

இருபத்திரண்டு நிமிஷப் படம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவேற்பில் மண்டபத்துப் பெரிய திரையில் நானூறு பேர் முன்னால் போடுவதாக ஏற்பாடு. அண்ணி வேகமாக முடித்தார். நின்ற படங்கள் இருபத்து மூன்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, ஒரே தட்டில் ஊதினார். பிறகு ஒவ்வொன்றிலும் முகம் தெரியட்டும் என்று மேல் பாகம் வரும்படி நகர்த்தி வைத்தார். பாஸ்போர்ட் படம் வெட்டிய கை, தலையைத்தான் தேடும். பார்த்துச் சொல்லட்டும் என்று முன்னோட்டத்தை இரண்டு வீட்டுக்கும் அனுப்பினோம். மாப்பிள்ளையின் அப்பா அரை மணி நேரத்தில் பிரமாதம் என்று பதில் போட்டார். முதலாளி அதை எங்களுக்குப் படித்தே காட்டினார்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கடை போனுக்கு ஒரு அழைப்பு. பெண்ணின் அக்கா பேசினார். கடை மாடியில் இருக்கிறது, தன்னால் ஏற முடியாது, யாராவது கீழே வர முடியுமா என்றார். நான் இறங்கிப் போனேன். டயர் கடை வாசலில், நிறுத்தியிருந்த பைக்குகளுக்கு நடுவே, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். தையல்காரர். உடையின் கைப்பகுதியில் இரண்டு குண்டூசி குத்தியிருந்தது, வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"படம் பார்த்தேன், நல்லா இருக்கு. என் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் போனேனா இல்லையான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயர் எழுதியவள் நான். அக்கா தலை சீவி விடுவது, அக்கா செருப்பு வார் மாட்டுவது, அக்கா சிரிப்பது என்று என் கையால் எழுதியிருக்கிறேன். நீங்க இருக்கீங்களே அக்கா என்றேன். எந்த நிமிஷத்தில் என்று கேட்டார். போனில் முன்னோட்டத்தை ஓட விட்டேன். பெண் வீட்டுக் காலை வந்தது.

செருப்பு வார் மாட்டுகிற இடம்தான் மோசம். எடுத்தபோது அது இப்படி இருந்தது: தங்கை நிற்கிறாள், ஒரு காலை அக்காவின் சக்கர நாற்காலி மிதிப்பலகையில் வைத்திருக்கிறாள், அக்கா குனிந்து வாரை மாட்டிவிட்டு நிமிர்ந்து ஏதோ சொல்கிறார், தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. படத்தில் தங்கையின் முகமும் கழுத்தும் மட்டும். கீழே குனிந்து எதையோ பார்த்து அழுகிறாள். எதைப் பார்த்து என்பது இல்லை. மற்றவையும் அதே கதைதான். நிற்கிறவர்கள் எல்லாரும் இருந்தார்கள், உட்கார்ந்திருந்த ஒருவர் எதிலும் இல்லை. மண்டபத்துக் கேமராவிலும் அவர் இல்லை, ஏனென்றால் மேடைக்குப் படிக்கட்டுதான் இருந்தது, அவர் கீழேயே இருந்துவிட்டார்.

"அவ போட்டிருக்கிற உடை நான் பதினெட்டு நாள் உட்கார்ந்து தைச்சது. அது படம் பூரா வருது" என்றார் அக்கா. "அம்மா போனப்புறம் அவளை வளர்த்ததும் நான்தான். அதைப் படத்துல காட்டுங்கன்னு கேட்கல. நான் இருந்தேன், அதைக் காட்டினாப் போதும்."

மேலே ஓடினேன். அண்ணியிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு இறங்கினார். டயர் கடைப் படியில் உட்கார்ந்து, மடியில் வைத்துத் திறந்தார். அந்தச் செருப்புத் துண்டின் மேல் அம்புக்குறியை வைத்து, நூற்று எழுபத்தெட்டு என்று இருந்த அளவை அழித்து ஐம்பத்தாறேகால் என்று அடித்தார். படம் சுருங்கி நிமிர்ந்து நடுவில் வந்து நின்றது. மேலே தங்கை, கீழே அக்கா, முழுசாக. இரண்டு பக்கமும் கருப்பு.

ஊதின படத்தையே கொஞ்சம் நகர்த்தி வைத்தால் ஆகாதா என்று நான் குழப்பத்தில் கேட்டேன். அண்ணி ஊதி, கீழ்ப் பாகம் வரும்படி நகர்த்திக் காட்டினார். அக்கா வந்தார், தங்கையின் தலை போய்விட்டது. இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு பட்டையையும் ஒழிக்க வழி கிடையாது. அண்ணியின் காது மடல் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றே நினைத்தேன். அதற்குள் அந்த அக்கா கையை உயர்த்தினார்.

"ஸாரி எல்லாம் வேணாங்க. என்னைத் திருப்பி வைங்க."

அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்தார். பதினோரு வருஷத்தில் தனக்குச் சரியான ஆள் கிடைத்துவிட்டதைப் போல ஒரு பார்வை. ஞாயிற்றுக்கிழமை படத்துல நீங்க இருப்பீங்க என்றார். லேப்டாப்பை மூடிக்கொண்டு மாடி ஏறினார்.

முதலாளி ஒத்துக்கொள்ளவே இல்லை. பணம் கொடுக்கிறவர் பிரமாதம் என்று சொல்லியாகிவிட்டது, இனி அதில் கை வைக்கக் கூடாது என்றார். யாரும் வேண்டுமென்று செய்யவில்லையே, அந்தம்மாவை யாராவது ஒதுக்கச் சொன்னார்களா என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வேண்டுமென்று செய்திருந்தாலாவது அந்த அக்கா சண்டை போட ஒரு ஆள் கிடைத்திருக்கும். யாரும் எதுவும் செய்யாமலே ஒரு மனுஷி காணாமல் போனால் அவர் யார் சட்டையைப் பிடிப்பார்? அதை நான் சொல்லவில்லை. சொன்னால் எனக்கும் வேலை போகும் என்று பயம். அண்ணி சொன்னார், நான்தான் செஞ்சேன், நானே மாத்துறேன் என்று.

கடைசியில் முதலாளி கொஞ்சம் இறங்கி வந்தார். அதே படத்தை ஊதி மங்கலாக்கிப் பின்னால் வை, பக்கமெல்லாம் நிறைந்துவிடும், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். அது பொய்யில்லை. நாங்களே பல படத்தில் செய்திருக்கிறோம். அண்ணி அதற்கும் முடியாது என்றார். நடுவில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது அவர்கள் முகமே பின்னால் மங்கலாகப் பேய் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும், பார்க்கிறவன் கண் அங்கேதான் போகும், இந்த ஒரு படத்தில் யார் கண்ணும் அந்த அக்காவை விட்டு நகரக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். அப்படியானால் சனிக்கிழமை மாப்பிள்ளையின் அப்பாவே வந்து பார்த்துச் சொல்லட்டும், அவர் வேண்டாம் என்றால் பழைய படம்தான், நீ திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்றார் முதலாளி. சரி என்று அண்ணி உள்ளே போய்விட்டார். நான் வெளியே உட்கார்ந்து, வீட்டில் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் வேலை. போனில் எடுத்த வீடியோவில் ஒரு தொல்லை உண்டு. கேமரா ஒரு வினாடிக்கு இத்தனை படம் என்று ஒரே சீராக எடுக்கும். போன் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைத்து எடுக்கும், அதனால் இரண்டு நிமிஷத்தில் உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் என்று விலகிப் போகும். இருபத்து மூன்றையும் முதலில் ஒரே சீருக்கு மாற்றிக் கொடுத்தேன். பிறகு அண்ணி ஒன்று கண்டுபிடித்தார். ஒரே நேரத்தில் மூன்று தோழிகள் மூன்று போனில் எடுத்திருந்தார்கள். நின்ற படத்தைத் திரையின் உயரத்துக்கு முழுசாக வைத்தால் அதன் அகலம் திரையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் திரை நிறைந்துவிடும், நடுவே மெல்லிசாக இரண்டு கோடு, ஓரத்தில் இரண்டு கோடு, அவ்வளவுதான். மூன்றிலும் கேட்கிற குரலை வைத்து ஒன்றோடொன்று பொருத்தினார். ஒன்றில் தங்கையின் முகம், ஒன்றில் அக்காவின் கை, ஒன்றில் இருவரும். எதையும் வெட்டவில்லை, எதையும் ஊதவில்லை.

மூன்று போன் இல்லாத இடங்கள்தான் பாக்கி. அங்கே ஒரே ஒரு நின்ற படம் நடுவில் தனியாக நிற்கும், பக்கங்கள் காலி. செருப்பு வார் மாட்டுவதும் அதில் ஒன்று. கொஞ்சம் கண்ணை உறுத்தாமல் இருக்கட்டும் என்று அந்தக் காலி இடத்துக்கு அக்கா தைத்த உடையின் கரும்பச்சை நிறத்தைக் கொடுத்தார். ஒரு தோழி நிமிர்த்தித் தொடங்கிய போனை நடுவில் சாய்த்திருந்தாள். தொடங்கிய வாகுதான் கடைசிவரை நிற்கும் என்று அவளுக்கு யார் சொன்னது? அங்கிருந்து எல்லாரும் சுவரில் நடக்கிற மாதிரி சாய்ந்து கிடந்தார்கள். அந்த இடத்தில் வெட்டி, பின்பாதியை மட்டும் திருப்பி நிமிர்த்த வேண்டியிருந்தது. அண்ணி அன்று சாப்பிட எழுந்திருக்கவில்லை. நான் ஊட்டிவிடவா என்று கேட்டு ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாப்பிள்ளையின் அப்பா வந்தார். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, குரல் மட்டும் தன்மையாக இருந்தது. முதலாளி அவருக்கு நாற்காலி போட்டார், விசிறியைத் திருப்பி வைத்தார், பார்க்கவே பிடிக்கவில்லை எனக்கு. புதுப் படம் ஓடியது. மூன்று படம் பக்கத்தில் பக்கத்தில் வந்தபோது தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தார். செருப்பு வார் வந்து திரையில் பக்கங்கள் பச்சையாக நின்றதும் கையைத் தூக்கினார்.

இது போன் மாதிரி இருக்கிறது என்றார். தான் பெரிய கேமரா வைத்து, பெரிய திரை ஏற்பாடு செய்தது சினிமா மாதிரி நிறைந்து வர வேண்டும் என்றுதான் என்றார். பெண்ணின் அக்கா மேல் தனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது, நல்ல பெண், ஆனால் முதலில் அனுப்பியதே நன்றாக இருந்தது, அதையே போட்டுவிடுங்கள் என்று சொல்லி எழுந்திருக்கப் பார்த்தார். முதலாளி அண்ணியைப் பார்த்த பார்வையில் திங்கட்கிழமை எழுதியிருந்தது.

அண்ணி ஒரு நிமிஷம் என்றார். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. துண்டுகளை வரிசையாக அடுக்குகிற டைம்லைன் ஒன்றைப் புதிதாகத் திறந்தார், படுத்ததை அல்ல, நின்றதை, போனின் வாகில். அதில் கேமராக்காரர்கள் மண்டபத்தில் எடுத்த துண்டைப் போட்டார். கல்யாணப் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிற இடம். மேசையின் நடுவில் மணமக்கள், இரண்டு பக்கமும் வரிசையாகப் பெரியவர்கள். நிறைந்து வரும்படி ஊதினார். உயரம் சரியாக நிறைந்தது. அகலத்தில் நடுப்பாகம் மட்டும் நின்றது. மணமக்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பக்கத்திலிருந்து யாரோ ஒரு கை பேனாவை நீட்டிவிட்டுப் போனது. அந்தக் கைக்கு ஆள் இல்லை.

மாப்பிள்ளையின் அப்பா திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் கை வந்தது, போனது.

"அது என் கை. நான் எங்க?" என்றார்.

"நீங்க ஓரத்துல நின்னீங்க" என்றார் அண்ணி. "நிறைஞ்சு வரணும்னு கேட்டீங்க, நிறைச்சுட்டேன். நடுவுல இல்லாதவங்க வர மாட்டாங்க."

"எம் பையன் கல்யாணத்துல நான் இல்லாம எப்படிங்க?"

"அவங்களும் இதையேதான் கேட்டாங்க. படி ஏற முடியாம, கீழ வெயில்ல உட்கார்ந்து கேட்டாங்க."

நான் கதவோரம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. கோபமா வெட்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை, இரண்டும் இருந்திருக்கும். இது வேற அது வேற என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் நின்று, திரும்பிப் பார்க்காமல், புதுசையே போடுங்க என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

முதலாளி அத்தோடு விட்டாரா? மண்டபத்தில் ஒரே ஒரு ஆள் படம் சரியில்லை என்று சொன்னாலும் நீதான் பொறுப்பு என்றார். அண்ணி அவரைப் பார்த்து, என் வேலைக்கு நான் பொறுப்பில்லாம வேற யாரு பொறுப்பு என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் மண்டபத்துக்குப் போனோம். அழைப்பெல்லாம் இல்லை. திரையை இயக்குகிறவர் பக்கத்தில் அண்ணி காவல் மாதிரி நின்றார், முதலாளி பழைய படத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவாரோ என்று அவருக்குச் சந்தேகம். நான் பெண்ணின் அக்காவைத் தேடிப் பிடித்து அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். மேடைக்கு அன்றும் படிக்கட்டுதான். அவர் அன்றும் கீழேதான் இருந்தார்.

படம் தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டுக் காலை, திரை முழுக்க, அழகாக. அடுத்து மூன்று படம் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. கூட்டத்தில் கொஞ்சம் சலசலப்பு. பிறகு செருப்பு வார். திரையின் இரண்டு பக்கமும் பச்சையாகி, நடுவில் மட்டும் ஆள் உயரத்துக்கு மேலே படம் நின்றது. திரை பழுதாகிவிட்டதா என்று எனக்குப் பின்னால் ஒருவர் கேட்டார். எனக்கு எழுந்து அவர் வாயைப் பொத்தலாம் போலிருந்தது. மேலே தங்கை, கீழே அக்கா. அக்கா வாரை மாட்டிவிட்டு நிமிர்ந்து, கூட்டிட்டுப் போறவன் கிட்ட சொல்லு, இந்தக் கால் வீங்கும், சாயங்காலம் தேய்ச்சு விடணும்னு என்றார். பழைய படத்தில் பெண்ணின் அழுகை மட்டும்தான் இருந்தது. பேச்சு அடியில் கேட்டதுதான், யார் பேசுகிறார் என்று தெரியாததால் யார் காதிலும் ஏறவில்லை. இப்போது நானூறு பேருக்கும் கேட்டது. பழுதா என்று கேட்டவர் வாயை மூடிக்கொண்டார். மேடையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை குனிந்து மனைவியின் காலைப் பார்த்தான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

பக்கத்தில் பெண்ணின் அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை, திரையில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அண்ணியும் எங்களிடம் வந்துவிட்டார்.

"என் தலைமுடி எப்படிக் கலைஞ்சு கிடக்கு பாருங்க. ஒருத்தியும் சொல்லலையே" என்றார் அக்கா.

அண்ணி அவர் காதருகே குனிந்தார். "உங்களுக்குக் கொடுக்கிற காப்பியில வேணும்னா அந்த இடத்தை மட்டும் வெட்டிடட்டுமா?"

அக்கா கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே இல்லை.

"தொட்டுத்தான் பாருங்க" என்றார்.